விருந்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கு: சிறுநீரைக் கவனியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முந்தின இரவு ஒன்பது மணிக்குக் கல்யாண வரவேற்பில் மட்டன் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொருவருக்கும் வயிற்றுப் பிடிப்பும் பேதியும். வாந்தி யாருக்கும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

நான் முதலில் கேட்பது, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றுதான். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், பெரும்பாலும் உணவிலேயே உருவாகிவிட்ட நச்சு காரணம். அதைச் சூடுபடுத்தினாலும் போகாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகி, பேதி மட்டும் என்றால், அண்டாவில் மெதுவாக ஆறிய இறைச்சியில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியைச் சந்தேகிப்பேன். மதியமே சமைத்து மூடி வைத்த பிரியாணி என்று அவர்கள் சொன்னதும் அதற்குப் பொருந்தியது.

பன்னிரண்டு தடவை போயிருந்த இருபது வயதுப் பையனைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். நான் பயந்தது நாலு தடவை மட்டுமே போயிருந்த அவன் தாத்தாவுக்காக. நாக்கு வறண்டிருந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. இரவு பத்து மணிக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை. காலையில் வழக்கம்போல சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், நீர் பிரியச் செய்யும் மருந்து கலந்த பிரஷர் மாத்திரையும் போட்டிருந்தார். ரத்த அழுத்தம் 90/60 என்று தாழ்ந்திருந்தது; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1 என்று ஏறியிருந்தது. அவரை அட்மிட் செய்து குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றினோம். பையன் ஓஆர்எஸ் பாக்கெட்டோடு வீட்டுக்குப் போனான்.

அதனால் எத்தனை தடவை போனது என்று மட்டும் எண்ணாதீர்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதவர், குடித்ததெல்லாம் வாந்தியாகிறவர், மலத்தில் ரத்தம் வருகிறவர், கடும் காய்ச்சலோ மயக்கமோ உள்ளவர் தாமதிக்காமல் வரவேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சிறுநீரக நோயாளி, சர்க்கரை நோயாளி ஆகியோர் இவ்வளவு முற்றும்வரை காத்திருக்கவே கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அன்று போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம்.

ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைப் போட்டால் உப்பு அதிகமாகிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பட்டினி போட வேண்டாம். பசி எடுத்ததும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இட்லி, மோர்ச் சாதம், வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பெரியவர்கள் சில நாள் பாலைத் தள்ளிவைக்கலாம்; புண்பட்ட குடலுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, தயிர் ஒத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பலகாரமும் குளிர்பானமும் பேதியைக் கூட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது.

மூன்றாம் நாள் தாத்தா இரண்டு இட்லி சாப்பிட்டார். கிரியேட்டினின் 1.2க்கு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவருடைய பழைய மாத்திரைகளைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.