ரெக்கார்டிங்ல கேட்டதெல்லாம் முடிவு இல்ல

நான் ஆடிட்டர். எங்க ஊர்ப்பக்கம் இருக்கற சின்னச் சின்ன டிரஸ்ட்டுகளோட கணக்கு பாக்கறேன், அதுல பாதிக்கு மேல ஆபீஸ்னு ஒண்ணு கிடையாது, பொருளாளர் வீட்டு பீரோதான் ஆபீஸ். போன வருஷம் அப்படி ஒரு டிரஸ்ட்ல தன்னார்வலரா இருக்கற காலேஜ் பொண்ணு ஒருத்தி, நன்கொடையாளர்களுக்கு அனுப்பறதுக்கு எழுதின லெட்டரை "சார், ஒரு தடவை பாத்துடுங்க"ன்னு அனுப்பிச்சா. திட்டக் கூட்டத்துக்கு அவளால போக முடியல, யாரோ போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்ச ஒண்ணே முக்கால் மணி நேர ஆடியோவைக் கேட்டு எழுதியிருந்தா. தமிழ் நல்லா இருந்துச்சு, பிழையே இல்ல. ஆனா அப்படியே போயிருந்தா டிரஸ்ட் மாட்டியிருக்கும்.

கதை இதுதான். 40 பசங்களுக்கு காலேஜ் ஃபீஸ், ஆளுக்கு 6,000 ரூபா, மொத்தம் 2,40,000னு சொல்லி வசூல் பண்ணியிருந்தாங்க. கூட்டம் நடந்தப்ப 25 பேருக்குக் கட்டியாச்சு, அது 1,50,000. மீதி 90,000 பேங்க்ல இருக்கு. மிச்சம் இருக்கற பசங்க காலேஜ்ல இருந்து ஃபீஸ் சலான் வாங்கிட்டு வரல, அதனால நிக்குது.

லெட்டர்ல இருந்த வரி: "மீதமுள்ள 50 மாணவர்களுக்கு அடுத்த பருவத்தில் கட்டணம் செலுத்தப்படும். தற்போது கையிருப்பில் உள்ள ரூ.90,000 டியூஷன் சென்டர் கூரை சீரமைப்புக்குப் பயன்படுத்தப்படும்."

முதல்ல அந்த 50. நாப்பது பேர்ல இருபத்தஞ்சு போனா பதினஞ்சுதானே? பொருளாளர் ஆடியோல "ஃபிஃப்டீன்"னு சொன்னது இவளுக்கு "ஃபிஃப்டி"ன்னு விழுந்திருக்கு. ஃபேன் சத்தம், நடுவுல டீ டம்ளர் வைக்கற சத்தம், யாரா இருந்தாலும் அப்படித்தான் கேக்கும். திரும்பத் திரும்ப கேட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, ஒரு தடவை ஃபிஃப்டின்னு மனசுல பதிஞ்சா அப்புறம் அப்படியேதான் கேக்கும். பெருக்கிப் பாக்கறதுதான் வழி. 50 பேருக்கு 6,000ன்னா மூணு லட்சம், வசூல் பண்ணதே 2,40,000தானே, அப்ப எங்கயோ தப்புன்னு உடனே தெரிஞ்சுடும். 15 போட்டா 90,000 கச்சிதமா வருது. ஆடியோல இருந்து எடுக்கற ஒவ்வொரு நம்பரையும் இன்னொரு நம்பரோட, முடிஞ்சா பாஸ்புக்கோட, ஒட்டிப் பாத்துட்டுத்தான் லெட்டர்ல போடணும்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கூரை. "இந்த வரி எங்கருந்து வந்துச்சும்மா"ன்னு கேட்டேன். 48வது நிமிஷத்துல பொருளாளர் சொல்றாருன்னா. நானும் கேட்டேன், சொல்றார்தான்: "பசங்க இன்னும் சலான் குடுக்கல, காசு சும்மாதானே கிடக்கு, மழைக்கு முன்னாடி கூரையை முடிச்சுடுவோம், அப்புறம் திருப்பிப் போட்டுக்கலாம்." ரெண்டு பேர் "ஆமா ஆமா"ங்கறாங்க. அவ அதையே முடிவுன்னு எடுத்துக்கிட்டா. ஆனா அப்புறம் பேச்சு எங்கெங்கயோ போயிட்டு, ஒரு மணி பன்னெண்டாவது நிமிஷத்துல ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர் திரும்ப ஆரம்பிக்கறார், "ஃபீஸுக்குன்னு வாங்கின காசை கூரைக்கு எடுத்தா குடுத்தவங்க கேக்க மாட்டாங்களா"ன்னு. கொஞ்சம் காரசாரமா போகுது. கடைசியில தலைவர், "சரி, 90,000 தொட வேண்டாம், கூரைக்குத் தனியா கேப்போம்"னு முடிக்கறார். வந்திருந்த அஞ்சு டிரஸ்டிகளும் சரிங்கறாங்க. அதுதான் முடிவு. 48வது நிமிஷத்துல நடந்தது வெறும் பேச்சு.

நம்ம ஊர்க் கூட்டத்துல "பண்ணிடலாம்", "பாத்துக்கலாம்", "ஆகட்டும்" இதெல்லாம் நிறைய விழும், பாதி மரியாதைக்குச் சொல்றது, தீர்மானம் இல்ல. அதனால அவகிட்ட நான் சொன்னது, ஒவ்வொரு விஷயமும் ஆடியோல கடைசியா எங்க வருதுன்னு பாரு, அங்க தலைவர் என்ன சொல்லி முடிச்சார்னு எழுது, அப்புறம் மினிட்ஸ் புக்ல கையெழுத்தான தீர்மானத்தோட ஒப்பிடு. ரெண்டும் ஒத்துப் போகலன்னா லெட்டர் அனுப்பாத, தலைவருக்கு ஒரு போன் போடு. மினிட்ஸ் எழுதறதுக்கு முன்னாடியே லெட்டர் போறது பல இடத்துல நடக்குது, அப்புறம் லெட்டருக்கு ஏத்த மாதிரி மினிட்ஸை வளைக்கறாங்க. அது வேற கொடுமை.

அந்தக் காசை ஏன் தொடக்கூடாதுன்னா, ஒரு காரியத்துக்குன்னு சொல்லி வாங்கின பணம் அந்தக் காரியத்துக்குத்தான். பேங்க்ல ஒரே அக்கவுண்ட்ல கிடந்தாலும் கணக்குல அது தனித் தலைப்புல, ஃபீஸ் நிதி இருப்பு 90,000ன்னு நிக்கணும். "அப்புறம் போட்டுக்கலாம்"னு எடுத்தா, நடுவுல பதினஞ்சு பேரும் சலானோட வந்து நின்னா எங்க போவீங்க? வேற வேலைக்கு மாத்தித்தான் ஆகணும்னா, குடுத்தவங்ககிட்ட முன்னாடியே கேட்டு எழுத்துல சம்மதம் வாங்கணும். செலவு பண்ணிட்டு லெட்டர்ல தகவல் சொல்றது சம்மதம் ஆகாது.

லெட்டர்ல இன்னொரு வரி: "வெளிநாட்டில் உள்ள நண்பர்களும் இதே கணக்கில் அனுப்பலாம்." கூட்டத்துல யாரோ "சிங்கப்பூர்ல நம்ம அண்ணன் ஒருத்தர் இருக்கார், கேட்டா அனுப்புவார்"னு சொன்னதை இவ நல்லெண்ணத்துல பொதுவா ஆக்கிட்டா. வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கு எஃப்சிஆர்ஏங்கற சட்டத்துல பதிவு பண்ணியிருக்கணும், அந்த டிரஸ்ட்டுக்கு அந்தப் பதிவு கிடையாது. அந்த அண்ணன் இந்திய பாஸ்போர்ட்லயே இருந்து தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையா பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைன்னு ஆகாது. ஆனா அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தா, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு மூலம்தான். பதிவோ முன் அனுமதியோ இல்லாம பத்து டாலர் கூட வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல அதுக்குன்னு திறந்த அக்கவுண்ட்லதான் வந்து இறங்கணும், ஊர் பேங்க்ல நேரா இல்ல. அந்த வரியை முழுசா எடுக்கச் சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு பொண்ணோட பேர், அப்பா குடிக்கறது, அம்மா எந்த வீட்டுல வேலை பாக்கறாங்கங்கறது வரைக்கும் இருந்துச்சு. கூட்டத்துல அதைப் பேசினது யாருக்கு முதல்ல குடுக்கறதுன்னு முடிவு பண்ண. இருநூறு பேருக்குப் போற லெட்டர்ல அதுக்கு என்ன வேலை. இதே காரணத்துக்காகத்தான் ஆடியோ லிங்க்கை லெட்டரோட சேத்து அனுப்பவும் வேண்டாம்னேன், "வெளிப்படையா இருக்கட்டும் சார்"னு அவ கொஞ்சம் வாதாடினா. வெளிப்படை கணக்குல இருக்கட்டும், அந்த வீட்டு விஷயத்துல வேண்டாம். ரெக்கார்ட் ஆகுதுன்னே அங்க பேசினவங்கள்ல ரெண்டு பேருக்குத் தெரியாது, அது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சது.

கடைசியா போன லெட்டரோட நடுப்பகுதி இது:

"நீங்கள் கல்விக் கட்டணத்துக்காகக் கொடுத்த ரூ.2,40,000-ல் 25 மாணவர்களுக்கு ரூ.1,50,000 கட்டியிருக்கிறோம். 15 மாணவர்கள் இன்னும் சலான் தரவில்லை. அவர்களுக்கான ரூ.90,000 அப்படியே இருக்கிறது, வேறு எதற்கும் எடுக்கப்படாது. டியூஷன் சென்டர் கூரை ஒழுகுகிறது. அதற்கு ரூ.70,000 ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார், இன்னொரு மதிப்பீடும் கேட்டிருக்கிறோம். கூரைக்குத் தர விரும்புகிறவர்கள் பணம் அனுப்பும்போது 'கூரை' என்று குறிப்பிடுங்கள். இது கூட்டத்தில் இருந்த ஐந்து அறங்காவலர்களும் ஏற்ற முடிவு."

பழைய லெட்டர் ரெண்டு பக்கம், இது முக்கால் பக்கம். போன அன்னிக்கு ராத்திரியே ஒருத்தர் "அந்த 15 பேருக்கு எப்ப கட்டுவீங்க"ன்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தார். அதுக்குத் தேதி கூட்டத்துல யாருமே பேசல, ஆடியோவை முழுசா இன்னொரு தடவை கேட்டும் கிடைக்கல. "இன்னும் முடிவாகல, அடுத்த கூட்டத்துல கேட்டுச் சொல்றேன் சார்"னு பதில் அனுப்பிட்டு, அதை அடுத்த கூட்டத்து அஜெண்டால முதல் வரியா அவளே எழுதி வச்சா.