டியூபெக்டமி: குழாயா, எக்காளமா?

பெண்களுக்குச் செய்யும் நிரந்தரக் கருத்தடை ஆபரேஷனான டியூபெக்டமிக்குப் பிரசவ வார்டில் பல பெயர்கள் உண்டு. கேஸ் ஷீட்டில் ‘பி.எஸ்.’ என்று இரண்டே எழுத்து இருக்கும். பிரசவம் முடிந்த கையோடு செய்யும் கருத்தடை என்பதன் சுருக்கம் அது. இலங்கையில் இதையே ‘எல்.ஆர்.டி.’ என்பார்கள். வீட்டில் கேட்டால் ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு’ என்பார்கள், அல்லது வெறுமனே ‘ஆபரேஷன் ஆயிடுச்சு’. இவற்றில் எதுவும் உடம்புக்குள் என்ன நடந்தது என்று சொல்வதில்லை. அதனால்தான் கருப்பையையே எடுத்துவிட்டார்கள் என்று நம்பும் பெண்களை இன்றும் பார்க்கிறோம். கருப்பையும் சினைப்பைகளும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. மாதவிடாயும் வழக்கம்போல் வரும்.

டியூபெக்டமி என்ற சொல்லே இரண்டு மொழிகளை ஒட்டிச் செய்தது. பின்பாதியான ‘எக்டமி’ கிரேக்கம், வெட்டி வெளியே எடுத்தல் என்று பொருள். முன்பாதி லத்தீன். 1561-இல் இத்தாலிய உடற்கூறு அறிஞர் கேப்ரியேல் ஃபாலோப்பியோ, கருப்பையின் இரு மூலைகளிலிருந்து கிளம்பி நுனியில் விரியும் உறுப்புகளை விவரித்தபோது அவற்றை ‘டூபா’ என்றார். டூபா என்றால் லத்தீனில் எக்காளம். வடிவம் அப்படித்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை டியூப் ஆக்கிவிட்டார்கள், நாமும் குழாய் என்கிறோம். இதே உறுப்பின் கிரேக்கப் பெயரான ‘சால்பின்க்ஸ்’ என்பதற்கும் எக்காளம் என்றே பொருள்.

சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் டியூபெக்டமி என்பது குழாயை முழுதாக எடுப்பது. நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. பாமரோய் முறையில், குழாயின் நடுப்பகுதியை ஒரு வளையமாக மேலே தூக்கி, அடியில் நூலால் கட்டி, வளையத்தின் தலையை மட்டும் வெட்டுகிறார்கள். கட்டும் நூல் தானாகக் கரையக்கூடியது. சில வாரங்களில் நூல் கரைந்ததும் இரு முனைகளும் ஒன்றைவிட்டொன்று விலகி, தனித்தனியாகத் தழும்பேறி மூடிக்கொள்ளும். கரையாத நூல்தான் உறுதி என்று தோன்றும். ஆனால் அது முனைகளைப் பிரியவிடாமல் சேர்த்தே வைத்திருக்கும்.

ஆகவே இந்த ஆபரேஷனுக்குக் ‘கருக்குழாய்த் துண்டிப்பு’ என்பதே பொருந்தும் தமிழ். ‘கருத்தடை’ மாத்திரை முதல் காப்பர்-டி வரை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ஸ்டெரிலைசேஷன் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மலடாக்கம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டு பிள்ளை பெற்றவளை மலடி என்று சொல்லும் சொல் நமக்கு வேண்டாம். ‘நிரந்தரக் கருத்தடை’ போதும். குழாயை முழுதாக எடுக்கும் ஆபரேஷனுக்கு மருத்துவத்தில் ‘சால்பின்ஜெக்டமி’ என்று பெயர், தமிழில் கருக்குழாய் நீக்கம். சினைப்பைப் புற்றுநோயில் ஒரு வகை குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று தெரிந்த பிறகு, பல நாடுகளில் கருத்தடைக்கே இந்த முறையைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

எப்போது செய்வது என்பதைக் கருப்பையின் உயரம் தீர்மானிக்கிறது. பிரசவமான ஓரிரு நாளில் கருப்பை தொப்புள் அளவில் நிற்கும். குழாய்களும் கூடவே மேலே வந்திருக்கும். தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போதும், இரு பக்கமும் கைக்கு எட்டிவிடும். ஏழு நாள்வரை இது நடக்கும். அதற்குப் பிறகு கருப்பை இடுப்புக்குள் இறங்கத் தொடங்கிவிடும், கிருமித்தொற்று பயமும் கூடும். எனவே ஆறு வாரம் கழியக் காத்திருக்கச் சொல்வார்கள். லேப்ராஸ்கோப் வழியாக வளையம் மாட்டும் முறையும் ஆறு வாரத்துக்குப் பிறகுதான். பிரசவத்தை ஒட்டிக் குழாய் தடித்து மெதுமெதுவென்றிருப்பதால் வளையம் சரியாக ஏறாது, குழாயை அறுத்தும்விடலாம். சிசேரியன் என்றால் வயிறு திறந்தே இருப்பதால் தனிக் கீறலே தேவையில்லை.

சரி, தோற்குமா? தோற்கும். அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘கிரெஸ்ட்’ ஆய்வின் முடிவு 1996-இல் வெளிவந்தது. எல்லா முறைகளையும் சேர்த்துப் பத்தாண்டுகளில் ஆயிரம் பேரில் சுமார் 18 பேர் கருவுற்றிருந்தார்கள். பிரசவத்தை ஒட்டிக் குழாயை வெட்டியவர்களில் அது சுமார் 7 அல்லது 8 பேர்தான். முதல் ஆண்டோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி.

தோல்விக்குச் சில காரணங்கள் ஆபரேஷன் செய்பவர் கையில் இருக்கின்றன. குழாய்க்குப் பக்கத்தில் கயிறுபோல ஓடும் வட்டத்தசைநாரைக் குழாய் என்று நினைத்துக் கட்டிவிடலாம். இதைத் தவிர்க்கத்தான் விரல்போல் விரிந்த நுனிவரை குழாயைத் தொடர்ந்து பார்த்துவிட்டே கட்ட வேண்டும் என்கிறார்கள். ஒரு பக்கக் குழாய் விடுபட்டுப்போன வழக்கு ஒன்றில், 2000-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றே தீர்ப்பளித்தது. ஆனால் சரியாகக் கட்டிய குழாயும் தானாகச் சேரலாம், அல்லது தழும்பில் ஊசிமுனைத் துளை விழலாம். 2005-இல் வேறொரு வழக்கில், கருத்தரித்தது மட்டுமே மருத்துவரின் தவறுக்குச் சாட்சியாகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது இதனால்தான்.

அந்த ஊசிமுனைத் துளையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. விந்தணு நுழைந்துவிடும். கருவுற்ற முட்டை அதைவிடப் பல மடங்கு பெரிது, கருப்பைக்குத் திரும்ப வழியில்லை. குழாயிலேயே ஒட்டி வளரத் தொடங்கும். இதுதான் எக்டோபிக். இடத்துக்கு வெளியே என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் ‘இடம் மாறிய கர்ப்பம்’. ‘குழாய்க் கர்ப்பம்’ என்றால் இன்னும் தெளிவு. ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு இது வரும் வாய்ப்பு, எந்தத் தடுப்பும் இல்லாத பெண்ணைவிடக் குறைவே, ஏனென்றால் அவள் கருவுறுவதே அரிது. ஆனால் கருவுற்றுவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒன்று இடம் மாறிய கர்ப்பமாக இருக்கிறது.

உதாரணத்துக்கு, 24 வயதில் இரண்டாம் பிரசவத்தோடு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண். ஆறு வருஷம் கழித்து நாள் தள்ளிப்போகிறது. பிறகு சொட்டுச் சொட்டாக ரத்தம் படுகிறது, வலது அடிவயிற்றில் வலி. ‘ஆபரேஷன்தான் ஆயிடுச்சே’ என்று வீட்டில் யாரும் கர்ப்பம் என்று நினைக்கமாட்டார்கள், அல்சர் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். செய்யவேண்டியது முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. இரண்டு கோடு வந்தால் அன்றே ஸ்கேன். கருப்பை காலியாக இருந்து, ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் ஏறியிருந்தால் குழாயைத் தேட வேண்டும். சீக்கிரம் தெரிந்தால் சிலருக்கு ஊசி மருந்தே போதும். தோள்பட்டை வலி, மயக்கம், வெளிறிப்போதல் வந்துவிட்டால் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது என்று பொருள். அப்போது மணிக்கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான்.

கையெழுத்து வாங்கும் படிவத்தில், நாள் தள்ளினால் இரண்டு வாரத்துக்குள் வந்து காட்டவேண்டும் என்று ஒரு வரி இருப்பது இதற்காகவே. அதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது ஆலோசனை ஆகாது. ஆலோசனையை ஏழாம் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே தொடங்க வேண்டும். பிரசவ வலியில் துடிப்பவளிடமும், மயக்க மருந்தில் இருப்பவளிடமும் கேட்டு வாங்கும் சம்மதம் செல்லாது. இந்தியாவில் கணவன் கையெழுத்து கட்டாயமில்லை. வேண்டாம் என்று மேஜைக்குப் போகும்வரை மனம் மாறலாம், அதனால் வேறு எந்தச் சிகிச்சையும் மறுக்கப்படக்கூடாது.

வயதையும் பேசவேண்டும். அதே கிரெஸ்ட் ஆய்வில், முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பின்னர் வருந்தினார்கள். முப்பதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர். குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டு. எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன், அதற்குப் பிறகும் குழாய்க் கர்ப்ப பயம் இருக்கும். பிள்ளை போதுமா என்று இன்னும் உறுதியாகாதவர்களுக்குக் காப்பர்-டி பத்து வருஷம்வரை தாங்கும், பிரசவ மேஜையிலேயே போட்டுக்கொள்ளலாம். கணவனுக்குச் செய்யும் வாசெக்டமி இதைவிடச் சின்ன வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் ஆலோசனை அறைகளில் அதிகம் பேசப்படாமல் போவது அதுதான்.