அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடுமா?

மொட்டை மாடியில் செங்கல் கரை கட்டி, அடியில் நாலு அங்குலம் ஜல்லி, மேலே ஒரு அடி செம்மண் போட்டுக் கீரை வளர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். முதல் காரணம் எடை.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் (IS 875) வைத்திருக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு நனைந்த செம்மண் சதுர அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ வரும். மண்ணை விடுங்கள், அந்த நாலு அங்குல ஜல்லியே 15 கிலோவைத் தொட்டுவிடும்.

இவ்வளவு கனத்தை ஏற்றியும் ஜல்லி வடிகால் வேலையைச் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. மண்ணின் நுண்ணிய துளைகள் நுண்புழை விசையால் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லிக் கற்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளிக்கு அதை இழுக்கும் சக்தி கிடையாது. ஆகவே மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறி, தேங்கிய நீரின் அழுத்தம் அந்தப் பிடியை மீறும்வரை ஒரு சொட்டும் கீழே இறங்காது. மீறியது மட்டும் வடியும். அடியில் ஊறிய ஈரப்பட்டை அப்படியே நிற்கும். நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்துச் சொட்டு நிற்கும்வரை பொறுங்கள், பிறகு செங்குத்தாக நிறுத்துங்கள்: உயரம் கூடியதால் மறுபடி சொட்டும், அடியில் பட்டை மட்டும் ஊறி நிற்கும். பட்டையின் உயரத்தை முடிவு செய்வது துளையின் அளவு. மண்ணின் ஆழம் அல்ல. ஆழம் குறைந்த பாத்தியில் வேர் அழுகுவது இதனால்தான். கையால் பிடித்தால் கெட்டியாகும் மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் கலந்தால் துளைகள் பெரிதாகிப் பட்டை தாழும், எடையும் இறங்கும்.

அப்படியானால் வடிகால் அடுக்கு எதற்கு? மண்ணிலிருந்து தப்பி வந்த நீர் பக்கவாட்டில் ஓடி மழைநீர்க் குழாயைச் சேர. அதற்கு எடை மிகக் குறைந்த ட்ரெயின் செல் எனும் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டு போதும். மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்காவிட்டால் மண் இறங்கிக் குழாய் அடைபடும்.

இதெல்லாம் உட்காரும் தளத்துக்கு நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு மட்டும் வேரைத் தடுக்காது. தட்டோட்டுக்கு அடியிலுள்ள சுண்ணாம்பு ஜல்லியின் ஈரத்தைத் தேடி, பூச்சின் மயிரிழை விரிசலிலும் தார் ஷீட்டின் ஒட்டுகளிலும் வேர் நுழையும். பூச்சின்மேல் தனியாக ஹெச்.டி.பி.ஈ. வேர்த்தடுப்பு விரிப்பு வேண்டும். கைப்பிடிச் சுவரில் மண்மட்டத்துக்கு மேல் அரை அடி அதை ஏற்றிவிடுங்கள். விரிப்பதற்கு முன் குழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தால் வேலையை நிறுத்திப் பூச்சைச் சரிசெய்ய வேண்டும்.

பொதுவாகப் பாத்தியைவிட க்ரோ பேக் நல்லது. கனமானவற்றைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே பீமோ சுமைதாங்கும் சுவரோ ஓடும் கோட்டின்மேல் வரிசையாக வையுங்கள். சன்ஷேடிலும் பால்கனி நுனியிலும் கூடவே கூடாது. ஈசான மூலையில் கனம் கூடாது என்று வாஸ்துக்காரர் சொல்வார். கான்கிரீட்டுக்குத் திசை தெரியாது, கம்பி எங்கே ஓடுகிறது என்பதுதான் கணக்கு. பழைய வீடாக இருந்து வரைபடமும் இல்லையென்றால், கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் பாத்தி கட்டாதீர்கள்.