1+2x-க்கு நேர்மாறு உண்டா?

இயற்கணித விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘மட்டு 12-இல் 2×6=0. ஆகவே 1+2x ஒரு யூனிட்’ என்று எழுதிவிடுகிறார்கள். யூனிட் என்றால் பெருக்கல் நேர்மாறு உள்ள உறுப்பு. 1+2x அப்படிப்பட்டது இல்லை.

குழப்பம் எங்கே என்றால், பூச்சிய வகுத்தியையும் நில்பொட்டென்டையும் ஒன்றாக நினைப்பதில்தான். பூச்சியமில்லாத வேறொரு எண்ணால் பெருக்கினால் பூச்சியம் தருவது பூச்சிய வகுத்தி; தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே போனால் பூச்சியமாவது நில்பொட்டென்ட். 2-ஐ 6-ஆல் பெருக்கினால் பூச்சியம் வருகிறது. ஆனால் அதன் அடுக்குகளைப் பாருங்கள்: 2, 4, 8, 4, 8… எத்தனை முறை பெருக்கினாலும் பூச்சியம் வராது. 6 அப்படியல்ல, 6²=36, அது மட்டு 12-இல் பூச்சியம். அதனால்தான் (1+6x)² = 1+12x+36x² = 1. அதாவது 1+6x தனக்குத் தானே நேர்மாறு.

அடுக்குகளை எழுதிப் பார்க்காமலும் கண்டுபிடிக்கலாம். மட்டு n-இல், n-ஐ வகுக்கும் ஒவ்வொரு பகா எண்ணும் a-யை வகுத்தால் a நில்பொட்டென்ட். 12-க்குப் பகாக் காரணிகள் 2, 3. எனவே 0, 6 இரண்டு மட்டுமே தேறும். எல்லாக் கெழுக்களும் இப்படி இருந்தால் பல்லுறுப்புக் கோவையும் நில்பொட்டென்ட். யூனிட்டாக இருக்க, மாறிலி உறுப்பு n-உடன் பொதுக் காரணி இல்லாததாகவும் மற்றக் கெழுக்கள் எல்லாம் நில்பொட்டென்டாகவும் இருக்க வேண்டும்.

ஏன்? n-ஐ வகுக்கும் ஒரு பகா எண் p-ஐ எடுத்து, கோவையை மட்டு p-க்குக் கொண்டுபோங்கள். யூனிட் அங்கேயும் யூனிட்தான். ஆனால் அங்கே கெழுக்கள் ஒரு களத்தில் இருப்பதால், பெருக்கும்போது இரண்டு கோவைகளின் படிகளும் கூட்டப்படும், ஆகவே பூச்சியமில்லாத மாறிலிக்குத்தான் நேர்மாறு உண்டு. x வரும் கெழுக்கள் எல்லாம் p-ஆல் வகுபட்டாக வேண்டும். 1+2x மட்டு 3-இலும் 1+2x-ஆகவே நிற்கிறது, அங்கேயே விழுந்துவிடுகிறது.

சரி, நேர்மாறைக் கண்டுபிடிப்பது எப்படி? மட்டு 72-இல் 5+6x-ஐ எடுத்துக்கொள்வோம். 72-இன் பகாக் காரணிகளும் 2, 3 தான், 6 நில்பொட்டென்ட். 5×29=145, எனவே 5-இன் நேர்மாறு 29. அதை வெளியே எடுத்தால் 5+6x = 5(1+30x). இனி பெருக்குத் தொடர்: 1−30x+900x²−… இதில் 900 என்பது 36. அடுத்த கெழுவுக்கு 30×36=1080, அது 72-இன் 15 மடங்கு, அங்கே தொடர் நின்றுவிடுகிறது. 29-ஆல் பெருக்கினால் விடை 29+66x+36x². பெருக்கிச் சரிபாருங்கள்: x, x², x³ கெழுக்கள் 504, 576, 216. மூன்றும் 72-இன் மடங்குகள்.

முதல்படிக் கோவைக்கு இரண்டாம்படி நேர்மாறு! ‘படி கூடும், அதனால் யூனிட் எல்லாம் மாறிலிகளே’ என்று எழுதுகிறவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுவேன். அப்புறம், அந்த வாக்கியம் சில n-களுக்குச் சரியாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 6, 10, 30 போல எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் வகுக்காத n என்றால் 0-வைத் தவிர நில்பொட்டென்டே கிடையாது, யூனிட்கள் மாறிலிகள் மட்டுமே. மட்டு 6-இல் (1+2x)(1+3x) = 1+5x என்று படி குறைகிறது, ஆனாலும் இரண்டில் ஒன்றுகூட யூனிட் இல்லை.