கொள்ளளவு: ஒரு மண்டபத்தில் எத்தனை பேர் ‘பிடிக்கும்’?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கூட்டம் நடத்தக் கல்யாண மண்டபம் வாடகைக்குக் கேட்கப் போனால் முதல் கேள்வியே “எத்தனை பேர் பிடிக்கும்?” என்பதுதான். மலையாளத்தில் கேட்டால் “எத்ர பேர் கொள்ளும்?” நாம் எழுதும்போது மட்டும் ‘கெப்பாசிட்டி’ ஆகிவிடுகிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர் ‘எடு, பிடி, உட்கொள்’ என்று பொருள்படும் காப்பெரெ என்ற லத்தீன் வினை. அதாவது நம் ‘பிடி’யும் ‘கொள்’ளும் செய்கிற அதே வேலை. அதனால் கொள்ளளவு என்று மொழிபெயர்த்தது சரியான பொருத்தம்தான், அணைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும்.

மண்டபத்துக்குத்தான் இடிக்கிறது. படியில் நெல் அளக்கும்போது கொஞ்சம் குலுக்கினால் இன்னும் ஒரு பிடி கொள்ளும் இல்லையா, மண்டபக்காரர் சொல்லும் ‘ஐநூறு’ அந்த மாதிரி குலுக்கி அளந்த கணக்கு. நெல் அவசரமாக வெளியே ஓட வேண்டியதில்லை. ஆளுக்கு அந்தத் தேவை வரலாம். அதனால் உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பதைக் கொள்ளளவு என்றும், பாதுகாப்பாக எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதை ஆள்வரம்பு என்றும் நான் பிரித்து எழுதுகிறேன். அகராதியில் தேட வேண்டாம், நானே வைத்துக்கொண்ட பெயர்.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு மண்டபத்தை அளந்தே பார்க்கலாம். நீளம் 18 மீட்டர், அகலம் 12. ஒரு முனையில் 3 மீட்டர் ஆழத்துக்கு மேடை, அது போக 180 சதுர மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு, நிலையான இருக்கை இல்லாமல் நெருக்கமாகக் கூடும் இடத்தில் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்று கணக்குப் போடுகிறது. வகுத்தால் 276. ஐநூறு இங்கேயே போய்விட்டது.

அடுத்தது கதவு. சமதளத்தில் வெளியேறும் வழிக்கு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் அகலம், படிக்கட்டு என்றால் 10. முன்கதவு 1.5 மீட்டர், வெளியே சமதளம், ஆகவே 230 பேர். பக்கக் கதவு 1 மீட்டர், ஆனால் தாண்டியதும் மூன்று படி இறங்குகிறது, ஆகவே 100 பேர்தான். கூட்டினால் 330 வருகிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தீ முன்கதவுப் பக்கமே பிடித்தால்? ஒரு வழி அடைபட்டாலும் தேவையான அகலத்தில் பாதியாவது மிஞ்ச வேண்டும் என்று அமெரிக்க விதிகளில் உண்டு, அது எனக்கு நியாயமாகப் படுகிறது. மிஞ்சுவது பக்கக் கதவின் 100 என்பதால் மொத்தம் 200-க்கு மேல் போக முடியாது. இதுவும் முன்கதவின் இரண்டு பலகையும் திறந்திருந்தால்தான். பெரும்பாலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் பேனர் கட்டியிருப்பார்கள். பக்கக் கதவுக்குப் பின்னால் பாத்திரமும் மடக்கு மேசையும் அடுக்கியிருக்கும். டேப்பை எடுத்துப் போய், திறக்கும் அகலத்தை மட்டும் அளக்க வேண்டும், கதவுச் சட்டத்தின் அகலத்தை அல்ல.

கடைசியில் நாற்காலி. நடுவில் 1.5 மீட்டர், இரண்டு ஓரத்திலும் 1.2 மீட்டர் வழி விட்டால் குறுக்கே 8.1 மீட்டர் மிஞ்சும், அரை மீட்டர் நாற்காலி பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு. மேடைக்கு முன்னும் கடைசி வரிசைக்குப் பின்னும் ஒன்றரை மீட்டர் விட்டு, வரிசைக்கு வரிசை 0.9 மீட்டர் என்றால் பதின்மூன்று வரிசை. பக்கக் கதவுக்கு நேரே நிற்கும் வரிசையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கதவு இருந்தும் இல்லாத மாதிரி. பன்னிரண்டு வரிசை, 192 நாற்காலி. 1997 ஜூன் 13-இல் டெல்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். அங்கே பால்கனியில் கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வெளியேறும் வழி ஒன்றை மறித்திருந்தன. ‘ஓரத்தில் நாலு சேர் போட்டுக்கலாமே’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ஆக 276, 200, 192. மூன்றில் சிறியதுதான் ஆள்வரம்பு, சராசரி எல்லாம் எடுக்கக் கூடாது. இந்த 192-க்குள்தான் பேச்சாளர், மைக்செட்காரர், தொண்டர்கள் எல்லாரும் அடக்கம். அவர்களுக்குப் பதினேழு கழித்தால் பதிவுக்கு 175. மடியில் உட்காரும் குழந்தையும் ஓர் ஆள்தான், அதனால் பதிவுப் படிவத்தில் ‘குடும்பத்துடன் வருவேன்’ என்று கட்டம் போடாமல் ‘மொத்தம் எத்தனை பேர்’ என்று எண்ணாகவே கேளுங்கள்.