ஒரு மார்க்குக்கு என்ன மதிப்பு: செமஸ்டர் பேப்பர்லயா, பத்து மார்க் க்விஸ்லயா?

நான் மதுரைக்குப் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மேத்ஸ் எடுக்கிறேன், கூடவே எங்க டிபார்ட்மென்ட் இன்டர்னல் மார்க் ஷீட்ட பாத்துக்கிற வேலையும் என்கிட்டதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்த மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசல்ல பசங்க நிப்பாங்க. "சார் ஒரே ஒரு மார்க்ல போச்சு சார்"னுதான் பேச்சே ஆரம்பிக்கும். எந்த ஒரு மார்க்குப்பானு கேட்டா முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. மார்க்னா எல்லாம் ஒரே மார்க்தானேனு நெனைக்கிறாங்க, அங்கதான் தப்பு நடக்குது.

போன வருஷம் உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வர்ற ஒரு பையன், நல்லா படிக்கிறவன், ஆன்சர் பேப்பர் ஜெராக்ஸுக்குப் பணம் கட்டி வாங்கிட்டு வந்து என் டேபிள்ல விரிச்சு வச்சுட்டான். "சார், எங்கயாச்சும் ஒரு மார்க் விட்டிருக்காங்களானு பாருங்க சார், ஒண்ணே ஒண்ணு கிடைச்சா A கிரேடு வந்துரும்." மொத்தம் 70, கிரேடு B+. எங்க முறைல 61-ல இருந்து 70 வரைக்கும் B+, 71 வந்தா A.

பதினாறு பக்கத்தையும் ஒண்ணொண்ணா புரட்டிப் பாத்தோம். கூட்டல் சரி, விட்டுப்போன கேள்வி எதுவும் இல்ல, திருத்துனவர் நியாயமாத்தான் போட்டிருக்கார். அப்புறம் நான் ஒரு வெள்ளத்தாள எடுத்து அவன் மார்க் எல்லாத்தையும் எழுதுனேன்.

செமஸ்டர் பேப்பர் நூறு மார்க், அது மொத்தத்துல 60-ஆ சுருங்கும். அவன் வாங்குனது 64, அதனால 38.4. ரெண்டு இன்டர்னல் டெஸ்ட், ஒவ்வொண்ணும் ஐம்பது மார்க், ஒவ்வொண்ணும் 10-ஆ சுருங்கும். 38-ம் 41-ம் வாங்கியிருந்தான், அதுல 7.6-ம் 8.2-ம் வந்துச்சு. அசைன்மென்ட் பத்துக்கு 9, அது அப்படியே 9. க்விஸ் ஒண்ணே ஒண்ணு, பத்து கேள்வி, பத்து மார்க், அதுவும் அப்படியே சேரும், அதுல 7. எல்லாத்தையும் கூட்டுனா 70.2, ரவுண்ட் பண்ணுனா 70.

"இப்ப சொல்லு, ஒரு மார்க்க எங்க வச்சா உன் மொத்தம் எவ்வளவு நகரும்?"னு கேட்டேன். செமஸ்டர்லனு உடனே சொன்னான், அதுதான பெரிய பரீட்சைனு. வச்சுப் பாத்தோம். செமஸ்டர்ல ஒரு மார்க் கூடுனா மொத்தம் 0.6 கூடும், 70.8 ஆகும், ரவுண்ட் பண்ணி 71. சரிதான், A வந்துரும். ஆனா க்விஸ்ல ஒரு மார்க் கூடியிருந்தா மொத்தம் முழுசா 1 கூடி 71.2 ஆயிருக்கும். ராத்திரி பூரா கண்ணு முழிச்சுப் படிச்சு எழுதுன இன்டர்னல் டெஸ்ட்ல ஒரு மார்க் கூடியிருந்தா வெறும் 0.2, அதாவது 70.4, B+ தான். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அந்த க்விஸ்ஸ செக்கானூரணி தாண்டி பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல எழுதுனேன், நெட் கட்டாகி கட்டாகி வந்துச்சு, கடைசி ரெண்டு கேள்வியப் படிக்காம சப்மிட் அமுக்கிட்டேன்னு அப்பதான் சொன்னான். அத எங்கயாச்சும் உக்காந்து எழுத ஒரு முழு நாள் டைம் இருந்துச்சு.

கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு பரீட்சை மொத்தத்துல எத்தன பாயிண்டா சேருதோ அந்த வெயிட்ட, அந்தப் பரீட்சையோட முழு மார்க்கால வகுக்கணும். வர்றதுதான் அங்க உள்ள ஒரு மார்க்கோட மதிப்பு. 60-ஐ நூறால வகுத்தா 0.6. பத்த ஐம்பதால வகுத்தா 0.2. பத்த பத்தால வகுத்தா 1. பரீட்சை பெருசா சின்னதாங்கிறது இதுல தனியா எங்கயும் வராது, வெயிட்டும் முழு மார்க்கும் சேந்துதான் முடிவு பண்ணுது. செமஸ்டருக்கு வெயிட் ஆறு மடங்கு ஜாஸ்தி, ஆனா முழு மார்க் பத்து மடங்கு ஜாஸ்தி, அதனாலதான் அங்க ஒரு மார்க் மெலிஞ்சு போகுது.

இத பிளஸ் டூ படிக்கும்போதே நம்ம புள்ளைங்க பாத்திருப்பாங்க, கவனிச்சிருக்க மாட்டாங்க. இன்ஜினியரிங் கட்ஆஃப் 200-க்கு. மேத்ஸ் நூறு அப்படியே நூறு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ரெண்டும் நூறுல இருந்து ஐம்பது ஐம்பதா சுருங்கும். அதனால மேத்ஸ்ல போன ஒரு மார்க் கட்ஆஃப்ல ஒண்ணு, பிசிக்ஸ்ல போன ஒரு மார்க் அரை. பாடத்துக்கு இருநூறு மார்க்னு 1200-க்கு எழுதுன காலத்துல அதே மேத்ஸ் மார்க் ஒண்ணு கட்ஆஃப்ல அரைதான், பிசிக்ஸ்ல கால். அக்கா அந்தக் காலத்துல எழுதி, தம்பி இப்ப எழுதுற வீட்டுல "அவ மேத்ஸ்ல ஆறு மார்க் விட்டா, இவனும் ஆறுதான விட்டிருக்கான்"னு அப்பா சொல்லுவார். அக்கா இழந்தது மூணு, தம்பி இழந்தது ஆறு.

இத சொன்னதும் வகுப்புல ஒரு கூட்டம் உடனே வேற பக்கம் சாஞ்சிரும், "அப்ப செமஸ்டர விட்டுட்டு க்விஸ்ஸப் பாத்தா போதும்"னு. அது ரொம்ப ஆபத்தான முடிவுங்க. ஒரு மார்க்குங்கிறது ஒரு கேள்வி, பத்து பர்சென்ட்ங்கிறது வேற கேள்வி. க்விஸ்ல பத்து பர்சென்ட் கூட வாங்குனா ஒரு மார்க், மொத்தத்துல 1. செமஸ்டர்ல பத்து பர்சென்ட் கூட வாங்குனா பத்து மார்க், மொத்தத்துல 6. அந்தப் பையனுக்கு க்விஸ்ல மிச்சம் இருந்ததே மூணு மார்க்தான், மூணையும் வாங்குனாலும் மொத்தம் மூணுக்கு மேல ஏறாது. செமஸ்டர்ல 64-ல இருந்து 80-க்குப் போயிருந்தா 9.6 ஏறியிருக்கும். பெரிய தூரம் போகணும்னா அந்த வழி செமஸ்டர்லதான் இருக்கு. அதுக்காக கைக்கு எட்டுற தூரத்துல, பத்து நிமிஷம் உக்காந்தா கிடைக்கிற க்விஸ் மார்க்க விடுறதுதான் எனக்குத் தாங்க மாட்டேங்குது.

க்விஸ் ஒரு மார்க் எப்பவும் 1-னு மனப்பாடம் பண்ணிக்காதீங்க, அது எங்க ஷீட்ல மட்டும்தான் அப்படி. அதே பத்து பாயிண்ட்ட அஞ்சு க்விஸ்ஸுக்குப் பிரிச்சுக் கொடுத்தா, மொத்தம் ஐம்பது மார்க், ஒரு மார்க்கோட மதிப்பு 0.2-க்கு இறங்கிரும். அஞ்சுல நல்ல மூண மட்டும் எடுத்துப்போம்னு சொன்னா, எடுத்துக்கிட்ட க்விஸ்ல ஒரு மார்க் சுமாரா 0.33, தள்ளுபடியான க்விஸ்ல சும்மா ஒரு மார்க் கூடுனாலும் பைசா பிரயோஜனம் இல்ல. எது தள்ளுபடி ஆகும்னு எழுதும்போது தெரியாதுங்கிறதுதான் அதுல சிக்கல்.

இன்னொரு பொண்ணு கதையையும் சொல்லணும். இன்டர்னல் 40-க்கு 36, அருமையான மார்க். செமஸ்டர்ல 44. கணக்குப்படி 26.4-ம் 36-ம் சேந்து 62.4. ஆனா அரியர். ஏன்னா செமஸ்டர் பேப்பர்ல மட்டும் தனியா 45 எடுக்கணும்னு எங்க ரூல்ல இருக்கு. அந்த எடத்துல செமஸ்டர் ஒரு மார்க்கோட மதிப்பு 0.6 இல்ல, பாஸா ஃபெயிலாங்கிறதே அதுலதான் நிக்குது. க்விஸ்ல பத்துக்கு பத்து வாங்கியிருந்தாலும் அது ஒண்ணும் பண்ணியிருக்காது. அவங்க அப்பா ஆட்டோ ஓட்டுறவர், அன்னைக்கு வண்டிய நிறுத்திட்டு வந்து "62 போட்டிருக்கு, எப்படி சார் ஃபெயில்?"னு கேட்டார், அவர் கேட்டதுல என்ன தப்பு. மொத்தத்த மட்டும் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். பாஸ் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற புள்ள மொதல்ல அந்தக் கோட்டத் தாண்டணும், மதிப்புக் கணக்கு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இப்ப என்ன மாதிரி ஷீட் போடுறவங்களுக்கு ஒரு விஷயம். எங்க ஷீட்ல ஒரு மாணவரோட வரி இப்படித்தான் இருக்கும், C செமஸ்டர், D-ம் E-ம் டெஸ்ட், F அசைன்மென்ட், G க்விஸ்:

```
=ROUND(C2*60/100 + D2*10/50 + E2*10/50
       + F2*10/10 + G2*10/10, 0)
```

ஒரு வருஷம் க்விஸ்ஸ இருபது கேள்வியா மாத்துனோம், கடைசில இருக்கிற `10/10`-ஐ `10/20`-னு மாத்த நான் மறந்துட்டேன். ஒரு மார்க் அரைக்குப் பதிலா ஒண்ணா ஏறிக்கிட்டு இருந்துச்சு. 18 வாங்குன புள்ளைக்கு இன்டர்னல் 40-ஐத் தாண்டுனதாலதான் கண்ணுல பட்டுச்சு. 9 வாங்குன புள்ளைக்கு 4.5 வரவேண்டிய எடத்துல 9 வந்துச்சு, அத யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. அன்னைல இருந்து மார்க் ஏத்துறதுக்கு முன்னாடி ROUND-ஐ எடுத்துட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு மார்க்கக் கூட்டி மொத்தம் எவ்வளவு நகருதுனு பாக்குறேன். 0.6, 0.2, 0.2, 1, 1 நகரணும். வேற எதுவாச்சும் நகந்தா எங்கயோ வகுத்தது தப்பு. அஞ்சு நிமிஷ வேலைதான்.

ROUND-ஐ எந்த எடத்துல போடுறோம்ங்கிறதும் சும்மா இல்ல. கடைசில ஒரு தடவ போட்டா ஒண்ணு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா போட்டா இன்னொண்ணு. தனித்தனியா போட்டா அந்தப் பையனோட மொத டெஸ்ட்டு 7.6, அது 8 ஆயிரும், அங்க ஒரு மார்க் கூடி 7.8 ஆனாலும் அதே 8தான், ஒண்ணும் நகராது. ரெண்டாவது டெஸ்ட்ல 41-ல இருந்து 42 போனா 8.4, அதுவும் 8தான், 43 போனா 8.6, திடீர்னு 9 ஆகி மொத்தத்துல முழுசா ஒண்ணு ஏறிரும். பக்கத்து சீட்டுப் புள்ளைக்கு ரெண்டு மார்க்ல ஒண்ணு ஏறுது, எனக்கு ஏன் ஏறலனு கேட்டா சொல்றதுக்கு நியாயமான பதில் இருக்காது, அதனால நாங்க கடைசில ஒரு தடவதான் போடுறோம்.

மாணவங்க செமஸ்டர் ஆரம்பிச்ச மொத வாரத்துலயே வகுப்பு சார்கிட்டயோ மேம்கிட்டயோ நாலு கேள்வி கேட்டு வாங்கிக்கோங்க: ஒவ்வொண்ணுக்கும் வெயிட் எவ்வளவு முழு மார்க் எவ்வளவு, க்விஸ் எத்தன வரும், எதையாச்சும் தள்ளிட்டு எடுப்பீங்களா, ரவுண்ட் எந்த எடத்துல போடுவீங்க. அந்த உசிலம்பட்டிப் பையன் இப்ப ஒவ்வொரு பாடத்து நோட்டுலயும் மொதப் பக்கத்துல இத எழுதி, பக்கத்துல 0.6, 0.2, 1-னு வட்டம் போட்டு வச்சிருக்கான். க்விஸ் அன்னைக்கு சாயங்காலம் பஸ்ஸ விட்டுட்டு லைப்ரரில உக்காந்து எழுதிட்டு அடுத்த பஸ்ல போறான்.