ஒலியை அணைத்துப் பார்ப்பவருக்கு 'க்ளிக்' எப்படிக் கேட்கும்?

தண்ணீர் வடிகட்டியின் கேட்ரிட்ஜை மாற்றுவது எப்படி என்று காட்டும் 90 விநாடி வீடியோ ஒன்றை ஒரு நிறுவனம் தன் தளத்தில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 21ஆவது விநாடியில் பேசுபவர், "கேட்ரிட்ஜை இடது பக்கமா திருப்புங்க" என்கிறார். கேட்ரிட்ஜ் திரும்புகிறது, 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. பிறகு, "இப்ப வெளிய இழுங்க" என்கிறார். பூட்டு விடுபட்டதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். அதற்கு முன்பே இழுத்தால் கேட்ரிட்ஜ் வராது; பலமாக இழுத்தால் பூட்டின் பல் உடையும்.

பேச்சை மட்டும் எழுத்தில் போட்டால் காது கேளாதவருக்கு 'க்ளிக்' போய்ச் சேராது. பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் அதே கதிதான். வசன வரிக்கும் கேப்ஷனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒலி கேட்கும், மொழிதான் புரியவில்லை என்பவருக்காக எழுதப்படுவது வசன வரி. ஒலியே கேட்காதவருக்காக எழுதப்படும் கேப்ஷனில், பொருள் தரும் ஒவ்வொரு சத்தமும் இருக்க வேண்டும். பேசுபவர் திரையில் இல்லையென்றால் பேசுவது யார் என்பதும் இருக்க வேண்டும். எல்லாச் சத்தத்தையும் எழுதச் சொல்லவில்லை. பின்னணி இசைக்கு ஒருமுறை [மெல்லிய இசை] என்று போட்டால் போதும். 'இந்தச் சத்தம் இல்லாவிட்டால் பார்ப்பவர் எதையாவது தவறாகச் செய்வாரா?' என்று கேட்டுப் பார்த்தால், எதை எழுதுவது என்பது தெளிவாகிவிடும்.

இணையத்தில் கேப்ஷனுக்குப் பரவலாகப் பயன்படும் கோப்பு வடிவம் வெப்விடிடி. வெறும் எழுத்துக் கோப்புதான். சாதாரண எடிட்டரிலேயே எழுதிவிடலாம்.

```
WEBVTT

00:00:21.300 --> 00:00:23.300
கேட்ரிட்ஜை இடது பக்கமா திருப்புங்க.

00:00:23.400 --> 00:00:25.400
[க்ளிக் சத்தம்]
இப்ப வெளிய இழுங்க.
```

இரண்டு துண்டுக்கும் நடுவே 100 மில்லிவிநாடி இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். இடைவெளியே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று மாறினால், எழுத்து மாறியது கண்ணில் படாமலே போகலாம். ஒரு துண்டில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரியைப் பொருள் முடியும் இடத்தில் உடைக்க வேண்டும். 'இடது' ஒரு வரியிலும் 'பக்கமா' அடுத்த வரியிலும் நின்றால், படிப்பவர் பாதியில் தடுமாறுவார்.

ஒரு துண்டு எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதில்தான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கேப்ஷன் மென்பொருள்கள் விநாடிக்கு எத்தனை எழுத்து என்று கணக்கிட்டு, 17 அல்லது 20ஐத் தாண்டினால் சிவப்பில் எச்சரிக்கும். ஆனால் அவற்றில் பல எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, யூனிகோட் குறிகளை. 'கே' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரமும் ஏகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'ட்' என்பதும் இரண்டு. மேலே உள்ள முதல் துண்டை இடைவெளி, முற்றுப்புள்ளியோடு நாம் எண்ணினால் 22 வரும். கணினி எண்ணினால் 35. இரண்டு விநாடிக்கு வகுத்தால் நம் கணக்கில் விநாடிக்கு 11, கணினியின் கணக்கில் 17.5. நிதானமாகப் படிக்கக்கூடிய வரியைத்தான் அது சிவப்பாக்குகிறது. அந்த எச்சரிக்கையை நம்பிப் பேசுபவரின் சொற்களை வெட்டிச் சுருக்கிவிடாதீர்கள். வீடியோவை முன்பு பார்க்காத ஒருவரை ஒலி இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரியைப் படித்து முடித்துவிட்டுத் திரையில் கை செய்வதையும் பார்க்க முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காது ஓரளவு கேட்பவர்களில் பலர் உதட்டசைவையும் வரியையும் சேர்த்தே படிக்கிறார்கள். உதடு 'இழுங்க' என்னும்போது வரியில் 'இழுக்கவும்' என்று இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகும்.

தானியங்கிக் கேப்ஷனை முதல் வரைவாக எடுத்துக்கொள்ளலாம், அப்படியே வெளியிடக் கூடாது. திருத்தும்போது முதலில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். தமிழில் 'வேண்டாம்' என்பது அங்கேதான் நிற்கிறது. வேகமாகப் பேசும்போது தேய்வதும் அந்த இடம்தான். 'கூடாது' என்பது 'கூடும்' ஆனால் பொருளே தலைகீழ். அடுத்து மாடல் எண்களையும் அளவுகளையும் பாருங்கள்.

கோப்பைத் தளத்தில் இணைப்பது ஒரே வரி வேலை.

```html
<video controls src="filter.mp4">
  <track kind="captions" src="filter-ta.vtt"
         srclang="ta" label="தமிழ்" default>
</video>
```

இணைத்த பிறகும் கேப்ஷன் வரவில்லையென்றால் முதலில் நேர வரியில் உள்ள புள்ளியைப் பாருங்கள். பழைய எஸ்ஆர்டி வடிவத்தில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளி, வெப்விடிடியில் முற்றுப்புள்ளி. எஸ்ஆர்டி கோப்பின் முதல் வரியில் `WEBVTT` சேர்த்துப் பெயரை மட்டும் மாற்றினால், உலாவி அந்தத் துண்டுகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். வீடியோ வழக்கம்போல் ஓடுவதால் கோளாறு வெளியே தெரியாது. கோப்பு யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படாவிட்டால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகள் வரும். கீழே விலையோ தொலைபேசி எண்ணோ தெரியும் இடங்களில் நேர வரியின் முடிவில் `line:0` என்று சேர்த்தால், அந்தத் துண்டு மட்டும் மேலே போய்விடும்.

வரி பேச்சோடு பொருந்தவில்லையென்றால் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால், கேப்ஷன் எழுதிய பிறகு யாரோ வீடியோவின் முன்பகுதியை வெட்டியிருக்கிறார்கள். எல்லா நேரத்தையும் அதே அளவு முன்னே நகர்த்தினால் சரியாகும். போகப்போக விலகல் கூடினால் பிரேம் வேகம் மாறியிருக்கிறது. விநாடிக்கு 23.976 பிரேமில் எடுத்ததை 25க்கு வேகமாக ஓட்டினால், 10 நிமிடத்தின் முடிவில் வேறுபாடு ஏறக்குறைய 25 விநாடி. நகர்த்துவதால் இது தீராது. எல்லா நேரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும்.

சமூக ஊடகங்களில் ஒலியின்றித் தானே ஓடும் வீடியோவுக்கு, எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது உண்டு. அங்கே அது சரி. ஆனால் பதித்த எழுத்தைப் பெரிதாக்கவோ அணைக்கவோ முடியாது. தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் பதித்தால் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் சிதறிவிடும். ஆகவே பதிப்பதற்கு முன் 'கொ', 'ணை', 'ஸ்ரீ' மூன்றையும் ஒரு மாதிரி வரியில் ஓட்டிப் பாருங்கள்.

கேப்ஷனைப் படிக்கக் கண் வேண்டும். காதும் கண்ணும் இரண்டும் இயங்காதவர்கள் பிரெயில் திரையில் விரலால் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது முழு எழுத்துப் பிரதி. கேப்ஷன் கோப்பிலிருந்து நேரங்களை நீக்கிவிட்டு ஒட்டினால் அது பிரதியாகாது. 40ஆவது விநாடியில் பேசுபவர், "இதை இங்க வெச்சு அழுத்துங்க" என்கிறார். படத்தோடு பார்க்கும்போது அது முழுமையான வாக்கியம். படம் இல்லாமல் படித்தால் எதை, எங்கே என்பது தெரியாது. பிரதியில் அந்த இடம் இப்படி இருக்கும்: "புதிய கேட்ரிட்ஜின் கழுத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. வளையம் மேலே இருக்கும்படி கேட்ரிட்ஜைத் தாங்கியில் வைத்து அழுத்தி, 'க்ளிக்' என்று பூட்டும்வரை வலது பக்கம் திருப்ப வேண்டும். பூட்டுவது கையிலேயே தெரியும்."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே பேச்சுப் பிரதியில் சேர்த்துவிட்டால், பேசுபவரே அதைச் சொல்லிவிடுவார்; 'க்ளிக்' கேட்காதவரும் எதைக் கவனிக்க வேண்டும் என்பது வீடியோவிலேயே வந்துவிடும்.